மின்னஞ்சல் எழுதுகையில் தமிழ் - ஆங்கில விசைப்பலகை மாற்றம்: குறுக்குவிசை தவறுவதன் காரணங்கள் பற்றிச் சில குறிப்புகள்

எமது பல்கலைக்கழகச் சூழலில் எழுதப்பெறும் மின்னஞ்சல்களுள் பெரும்பாலானவை முற்றுந் தமிழிலோ முற்றும் ஆங்கிலத்திலோ அமைவதில்லை. தமிழ் வாக்கியத்தின் நடுவே பாடநெறிக் குறியீடு, கோப்பின் பெயர், இணைய முகவரி, ஒரு நூலாசிரியரின் பெயர் என்பன உரோம எழுத்தில் வந்தே தீரும். எனவே பத்து வரி கொண்ட ஓர் அஞ்சலிலே விசைப்பலகையின் தளக்கோலத்தைப் பதினைந்து இருபது தடவை மாற்ற வேண்டி நேரிடுகிறது. இம்மாற்றத்துக்கென விண்டோஸ் பணிசெயல் முறைமை குறுக்குவிசைகளை அளித்துள்ளது. ஆனால், வேறிடங்களிற் செவ்வனே இயங்கும் அதே குறுக்குவிசை அஞ்சல் எழுதும் சாளரத்தில் மட்டும் அடிக்கடி தவறுகின்றது என்பது பலரதும் முறைப்பாடு. விசைப்பலகை பழுதென்று புதியதொன்றை வாங்கியோரும் உளர். ஈற்றில் தமிழில் எழுதுவதையே கைவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் தலைப்பட்டோரும் உளர். பின்னையது நாம் இலகுவில் ஒதுக்கிவிடத்தக்க விளைவன்று. ஆதலின் இத்தவறு எவ்விடத்து நிகழ்கின்றது என்பதை இங்கு நோக்குவோம். மேசைக்கணினிகளில் இன்னும் பரவலாக வழங்கும் பழைய வடிவ அவுட்லுக் செயலியையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களைக் கொண்டு கணினியிலே தமிழ் எழுதப் பழகிய தலைமுறையினர்க்கு மொழிமாற்றம் என்பது எழுத்துரு மாற்றமாகவே இருந்தது. அங்கு விசைப்பலகை என்றும் ஆங்கில விசைப்பலகையே. ‘அம்மா’ என்று எழுதுபவர் உண்மையில் `mk;kh` என்னும் உரோமக் குறிகளையே தட்டினார். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவங்களைப் போர்த்தியது. பெறுபவரிடம் அவ்வெழுத்துரு இல்லையாயின் அவர் காண்பது `mk;kh` தான். யூனிகோட் முறையில் இந்நிலை தலைகீழானது. தமிழ் எழுத்துக்குத் தனக்கெனக் குறியெண் உண்டு. அதனைப் பிறப்பிப்பது எழுத்துருவன்று, விசைப்பலகைத் தளக்கோலமே. அஞ்சற் சாளரத்தின் மேற்பகுதியிலே எழுத்துருவின் பெயரை மாற்றிவிட்டுத் தமிழ் வரவில்லையே என்று வியப்பவர் பழைய வழக்கத்தின் வழியிற் செல்கின்றார். அவர் மாற்ற வேண்டியது வேறிடத்தில் உள்ளது.

அவ்வேறிடம் பற்றிய விதிகள் எளியன. ஆயினும் அவை பலராலும் மயங்கிக் கொள்ளப்படுகின்றன. விண்டோஸ் ‘மொழி’ என்பதையும் ‘தளக்கோலம்’ என்பதையும் இரு படிநிலைகளாகப் பிரித்து வைத்துள்ளது. ஒரு மொழியின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட தளக்கோலங்கள் அமையலாம். இயல்பிருப்பில், இடப்பக்க Alt விசையையும் Shift விசையையும் சேர்த்து அழுத்தி விடின் மொழி மாறும். Ctrl, Shift இரண்டையும் சேர்த்து அழுத்தி விடின் அதே மொழிக்குள் தளக்கோலம் மாறும். Windows விசையுடன் இடவெளி விசையை அழுத்தினால் எல்லாத் தளக்கோலங்களும் ஒரே வரிசையில் மாறிமாறி வரும். வலப்பக்க Alt விசை இவ்வேலைக்கு உதவாது. தமிழ்த் தளக்கோலங்களில் அவ்விசைக்கு வேறு பணி உண்டு. ‘சில வேளை வேலை செய்கிறது, சில வேளை இல்லை’ என்போருள் ஒரு சாரார் வலக்கையால் அழுத்துவோரே.

தமிழின் கீழ் இரு தளக்கோலங்கள் இருக்கும்போது இன்னொரு மயக்கம் தோன்றுகிறது. எமது நாட்டில் தட்டச்சுப் பொறி மரபின் வழிவந்த ரெங்கநாதன் தளக்கோலத்தில் பயின்றோரும், 1999 இல் தமிழ்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தமிழ்99 இல் பயின்றோரும், ஒலிபெயர்ப்பு முறையினரும் ஒரே கணினியைப் பயன்படுத்துவது வழமை. விண்டோஸ் தானாகவே இன்ஸ்கிரிப்ட் முறைத் தளக்கோலமொன்றைத் தமிழோடு சேர்த்துவிடுவதும் உண்டு. இந்நிலையில் Alt - Shift அழுத்தியதும் தமிழ் வரும். ஆனால் எதிர்பார்த்த தமிழ் வராது. எத்தளக்கோலத்தில் நிற்கின்றோம் என்பதை அறிய k விசையை ஒருமுறை தட்டினாற் போதும். தமிழ்99 ஆயின் ‘ம’ தோன்றும். இன்ஸ்கிரிப்ட் ஆயின் ‘க’ தோன்றும். l விசை இச்சோதனைக்கு உதவாது. இரண்டிலும் அது ‘த’ என்பதால், ‘த’வில் தொடங்கும் சொல்லை எழுதுபவர் முதலெழுத்துச் சரியாக வந்ததை நம்பி இரண்டாம் எழுத்திலே இடறுவார். இங்கு குறுக்குவிசை தவறவேயில்லை. வேண்டாத தளக்கோலத்தை மொழி அமைப்பிலிருந்து நீக்கிவிடுவதே இதற்குப் பரிகாரம். அதனை வேறொருவர் பயன்படுத்துகின்றார் எனின் Ctrl - Shift விசையின் பயனை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, உண்மையிலேயே தவறும் நிலைக்கு வருவோம். பிழை பணிசெயல் முறைமையினதா, அஞ்சற் செயலியினதா என்பதை முதலில் வேறுபடுத்தியறிய வேண்டும். நோட்பேட் என்னும் எளிய எழுதுசாளரத்தைத் திறந்து அதே குறுக்குவிசையைப் பத்துத் தடவை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் ஓரெழுத்துத் தட்டிப் பார்த்தல் தகும். அங்கும் மாறவில்லையெனின் அஞ்சற் செயலியைக் குறைகூறுதல் பொருந்தாது. குறுக்குவிசையே நீக்கப்பட்டிருக்கலாம். அதனைக் கட்டளைச் சாளரத்தில் பின்வரும் வரியால் அறியலாம்:

```
reg query "HKCU\Keyboard Layout\Toggle"
```

விடையாக வரும் வரிகளுள் `Language Hotkey` என்பது மொழிமாற்ற விசையையும் `Layout Hotkey` என்பது தளக்கோலமாற்ற விசையையும் குறிக்கும். எதிரே 1 என்றிருப்பின் இடப்பக்க Alt - Shift. 2 எனின் Ctrl - Shift. 3 எனின் யாதொரு விசையும் குறிக்கப்படவில்லை. 4 எனின் எண் 1க்கு இடப்புறமுள்ள விசை. மொழிமாற்றத்துக்கு எதிரே 3 நிற்குமாயின் எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. பலர் பயன்படுத்தும் ஆய்வுகூடக் கணினிகளில் இது நேர்வதுண்டு. விளையாட்டு, படவரைவு முதலியவற்றுக்கு இடையூறென்று யாரேனும் நீக்கிவிட்டிருப்பர்.

நோட்பேட்டில் பத்துத் தடவையும் சரியாக மாறி, அஞ்சற் சாளரத்தில் மட்டும் தவறுமாயின், இரண்டிலொன்று நிகழ்கின்றது. ஒன்று, விசையைச் செயலி தனது கட்டளையென விளங்கிக் கொள்கின்றது. மற்றையது, மாற்றம் நிகழ்ந்தும் செயலி அதனை மீண்டும் மாற்றிவிடுகின்றது. முன்னையது கண்ணுக்குத் தெரிவது, பின்னையது தெரியாதது. ஆதலால் பின்னையதே கூடுதலான மயக்கத்தைத் தருவது.

முன்னையதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். Alt விசை விண்டோஸ் செயலிகளில் பட்டியல்களைத் திறக்கும் விசையுமாகும். அவுட்லுக்கில் அதனைச் சற்றே தாமதித்து வைத்திருந்தால் மேற்பட்டையில் சிறு எழுத்துப் பெட்டிகள் தோன்றும்; அடுத்துத் தட்டும் எழுத்து உரைக்குச் செல்லாது கட்டளையாகிவிடும். Shift விசையை விட்டபின்னரும் Alt விசையில் விரல் தங்கி, ஆங்கில நிலையில் s என்று தட்டிவிட்டால் விளைவு பாரதூரமானது: Alt - S என்பது அஞ்சலை அனுப்பும் கட்டளை. பாதி எழுதிய கடிதம் பீடாதிபதிக்குப் போய்ச் சேரும். பெறுநர் முகவரியை இறுதியிலே இடுதல் என்னும் பழக்கம் இவ்விடத்திற் பெரிதும் உதவும். தண்டர்பேர்ட் செயலியில் Alt விசை மறைந்திருக்கும் பட்டியற்பட்டையை வெளிக்கொணர்ந்து எழுதுமிடத்திலிருந்து குறியை அகற்றிவிடுகின்றது. அதனைத் தடுப்பதற்கு, Settings - General பகுதியின் அடியிலுள்ள Config Editor இல் `ui.key.menuAccessKeyFocuses` என்பதை `false` ஆக்கலாம். அதன்பின் Alt விசையை மட்டும் அழுத்திப் பட்டியலுக்குச் செல்லும் வசதி இல்லாது போகும் என்பதையும் அறிந்தே இதனைச் செய்ய வேண்டும். விசைப்பலகையையே முழுதும் நம்பி இயங்கும் பார்வையற்றோர்க்கு இது உகந்த பரிகாரம் அன்று.

இரண்டாவதே எமது கட்டுரையின் மையம். பழைய வடிவ அவுட்லுக்கில் அஞ்சலின் உடற்பகுதியை எழுதும் இடம் உண்மையில் வேர்ட் செயலியின் எழுதுபொறியே. அப்பொறி எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் மொழி முத்திரை ஒன்றை இடுகின்றது. தமிழ் விசைப்பலகையில் எழுதியது தமிழென்றும் ஆங்கிலத்தில் எழுதியது ஆங்கிலமென்றும் பதிவாகும். எழுத்துப்பிழை திருத்துவதற்காக ஏற்பட்ட இம்முத்திரையை அது பிறிதொரு காரியத்துக்கும் பயன்படுத்துகின்றது. எழுதுகுறி எந்த மொழிச் சொல்லின்மீது வைக்கப்படுகின்றதோ அம்மொழியின் விசைப்பலகைக்குத் தானே மாறிவிடுகின்றது. எழுதுபவருக்கு உதவும் எண்ணத்திலேயே இது அமைக்கப்பட்டதெனலாம். ஆனால் அவரும் தம் பங்குக்குக் குறுக்குவிசையை அழுத்துகின்றாரே, அங்கேதான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டை அடியடியாகப் பார்ப்போம். தமிழ்99 இல் எழுதும் விரிவுரையாளர் ஒருவர் மாணவர்க்குப் பின்வரும் வரியை எழுதுகின்றார் என்று கொள்வோம்: ‘நாளைய வகுப்பு Zom வழியாக நடைபெறும்’. Zoom என்பதில் ஓரெழுத்து விடுபட்டுள்ளது. அவர் இறுதியாக எழுதியது ‘நடைபெறும்’; ஆகவே விசைப்பலகை தமிழில் நிற்கின்றது என்பது அவர் நினைவு. சுட்டியை Zom என்னும் சொல்லின்மீது வைக்கின்றார். அக்கணத்தில் எழுதுபொறி ஓசையின்றி ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றது. அவரோ தம் நினைவின்படி ஆங்கிலத்துக்குச் செல்லவேண்டிக் குறுக்குவிசையை அழுத்துகின்றார். இப்போது தமிழ். o விசையைத் தட்டுகின்றார், ‘ட’ விழுகின்றது. திரையில் ‘Zoடm’. குறுக்குவிசை தவறிவிட்டதென எண்ணி மீண்டும் அழுத்துகின்றார், ஆங்கிலம் வருகின்றது, பிழையைத் திருத்துகின்றார். ‘முதல் அழுத்தம் பிடிக்கவில்லை’ என்பது அவர் முடிவு. பின்னர் வாக்கியத்தின் ஈற்றுக்குச் சென்று ‘நடைபெறும்’ என்பதன்மேல் குறியை வைக்கின்றார். பொறி தமிழுக்கு மாறிவிட்டது. தாம் ஆங்கிலத்தில் நிற்பதாக நினைக்கும் அவர் தமிழுக்காகக் குறுக்குவிசையை அழுத்த, ஆங்கிலம் வருகின்றது. ‘க’ என்று எதிர்பார்த்துத் தட்டிய விசை h என்று விழுகின்றது. இம்முறையும் முதல் அழுத்தம் பிடிக்கவில்லை!

இங்கு குறுக்குவிசை ஒருமுறையேனும் தவறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அழுத்திய மூன்று தடவையும் அது தன் பணியைச் செம்மையாகச் செய்தது. ஒரே விளக்கின் ஆளியை இருவர் மாறிமாறித் தட்டுகின்றனர். அவருள் ஒருவர் மற்றவர் தட்டியதை அறியார். Alt - Shift ‘இப்போதுள்ளதன் மறுதலைக்குச் செல்க’ என்று மட்டுமே சொல்லும். ‘தமிழுக்குச் செல்க’ என்று அதனாற் சொல்ல முடியாது. ஆகவே எழுதுபவரின் நினைவும் கணினியின் நிலையும் ஒருமுறை பிரிந்துவிட்டால், அதன்பின் ஒவ்வோர் அழுத்தமும் அப்பிரிவை நிலைநிறுத்தவே செய்யும். தளக்கோலம் மூன்றாயின் குழப்பம் இன்னும் மிகும்.

இதுவே காரணமென்பதை உறுதிசெய்ய எளிய வழியுண்டு. அஞ்சலின் உடலில் ஒரு தமிழ்ச்சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும் எழுதி, விசைப்பலகையைத் தொடாமல், சுட்டியால் மட்டும் இரண்டின்மீதும் மாறிமாறிக் குறியை வைத்து, திரையின் வலப்பக்கக் கீழ்மூலையிலுள்ள மொழிக்குறியைப் பார்த்தல் வேண்டும். நாம் ஏதும் அழுத்தாதிருக்க, ஆங்கிலத்துக்குரிய `ENG` என்பது தோன்றியும் மறைந்தும் வருமாயின் ஐயத்துக்கிடமில்லை. வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டிய பகுதிகளில் இது இன்னும் விநோதமாக நடந்துகொள்ளும். ஒட்டப்பட்ட தமிழ்ப் பகுதி ஆங்கில முத்திரையுடன் வந்திருப்பின், தமிழ்ச் சொல்லின்மீது குறியை வைத்தாலும் ஆங்கில விசைப்பலகையே வரும். சுற்றுநிருபங்களை ஒட்டித் திருத்துவோர் இதனை நன்கு அறிவர். அவ்வாறான பகுதியைத் தேர்ந்து, Review - Language - Set Proofing Language என்பதன் வழியே தமிழ் என்று முத்திரையிட்டால் அது அடங்கும்.

தன்னியக்க மாற்றத்தை நிறுத்துவதற்கு, அவுட்லுக்கில் File - Options - Mail - Editor Options - Advanced என்னும் வழியே சென்று `Automatically switch keyboard to match language of surrounding text` என்பதன் எதிரேயுள்ள குறியை நீக்க வேண்டும். வேர்ட்டிலும் இதே பெயருடைய தேர்வு File - Options - Advanced என்பதன் கீழ் உண்டு. ஆவணங்களிலும் இத்தொல்லை இருப்பின் அங்கும் சென்று பார்த்தல் நன்று.

ஆயினும் இது பாதிப் பரிகாரமே என்பது எமது கருத்து. எழுதுபொறியின் தலையீடு நின்றபின்னரும், அஞ்சற் சாளரத்துக்கும் வேறு செயலிக்கும் இடையே சென்று திரும்புபவரின் நினைவு பிசகவே செய்யும். விண்டோஸ் அமைப்பில் Time & language - Typing - Advanced keyboard settings பகுதியிலே `Let me use a different input method for each app window` என்றொரு தேர்வுண்டு. அது இயங்குநிலையில் இருப்பின் ஒவ்வொரு செயலிச் சாளரமும் தனக்கெனத் தளக்கோலத்தை வைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் தமிழுக்கு மாற்றிவிட்டு மற்றோரிடத்துக்குச் செல்பவரை ஆங்கிலம் வரவேற்கும். இரு மொழியிலும் இடையறாது எழுதுவோர் இதனை நிறுத்தி வைத்தலே உகந்தது. முழுத் தமிழ் ஆவணமொன்றைத் தட்டெழுதிக்கொண்டே ஆங்கில அஞ்சல்களுக்கு விடையளிப்போருக்கு மட்டும் அது பயன்படும்.

முழுப் பரிகாரம், மறுதலைக்கு மாற்றும் விசையை விடுத்து ‘இன்ன தளக்கோலம்’ என்று நேரே குறிக்கும் விசைகளை ஏற்படுத்திக் கொள்வதே. மேற்கூறிய அதே பக்கத்தில் `Input language hot keys` என்பதைத் திறந்தால் சிறு பெட்டியொன்று தோன்றும். அதன் பட்டியலில் `Between input languages` என்னும் வரியின் கீழ், நிறுவப்பட்ட ஒவ்வொரு தளக்கோலத்துக்கும் `To` என்று தொடங்கும் வரி ஒன்றிருக்கும். தமிழுக்குரிய வரியைத் தேர்ந்து `Change Key Sequence` என்பதை அழுத்தி, `Enable Key Sequence` என்பதற்குக் குறியிட்டு, இடப்பக்க Alt - Shift உடன் 1 என்னும் எண்ணைத் தெரிவுசெய்யலாம். அவ்வாறே ஆங்கிலத்துக்கு 2. Ctrl விசையுடன் எண்களை இணைப்பதைத் தவிர்த்தல் வேண்டும்; Ctrl - 1, Ctrl - 2 என்பன அவுட்லுக்கில் அஞ்சற் பகுதிக்கும் நாட்காட்டிக்கும் மாறுவதற்கு உரியன. பின்னர் `Between input languages` என்னும் வரிக்குச் சென்று அதனை `Not Assigned` ஆக்கிவிடல் நன்று. இல்லையெனில் எண்ணைத் தட்டுமுன் விரல் நழுவும்போதெல்லாம் பழைய மாற்றமே நிகழும். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கியபின் இவ்வமைப்புகள் நிலைத்துள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இதன்பின் எழுதுபவர் எந்நிலையில் நிற்கின்றோம் என்று எண்ணிப்பார்க்க வேண்டியதில்லை. மேலைய எடுத்துக்காட்டில், Zom மீது குறியை வைத்து இரண்டாம் எண்ணுக்குரிய விசையை அழுத்தினால், பொறி ஏலவே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தாலும் இல்லாவிட்டாலும் o என்பது o ஆகவே விழும். இரண்டு முறை அழுத்தினாலும் கேடில்லை. தன்னியக்க மாற்றத்தை விரும்புவோர் அதனை நிறுத்தாமலே விட்டுவைக்கவும் இதனால் முடிகின்றது.

பிறருடைய கணினியில் அமைப்புகளை மாற்ற உரிமையில்லாதோர்க்கு Windows - இடவெளி விசையே எஞ்சும். அது பணிசெயல் முறைமையின் நேரடிப் பொறுப்பிலுள்ளமையால் அஞ்சற் செயலியின் பட்டியலைத் திறப்பதில்லை. அதுவும் வரிசையாக மாற்றும் விசையே எனினும், Windows விசையை விடாது பிடித்திருக்கும்வரை தளக்கோலங்களின் பெயர்கள் திரையில் தோன்றி நிற்கும். வேண்டியதைக் கண்ணாற் கண்டு நிறுத்தலாம்.

ஒரு வரையறையையும் குறித்தல் வேண்டும். இங்கு கூறப்பட்ட தன்னியக்க மாற்றம் பழைய வடிவ அவுட்லுக்குக்கே உரியது. புதிய அவுட்லுக் என வழங்குவது இணைய உலாவித் தொழில்நுட்பத்தின்மேல் அமைக்கப்பட்டது. அங்கு வேர்ட் எழுதுபொறியும் இல்லை, அதன் இத்தேர்வும் இல்லை. அதிலே விசை தவறுமாயின் தளக்கோலங்களின் எண்ணிக்கையையும், சாளரந்தோறும் வேறுபடும் தேர்வையும், தனியே நிறுவப்பட்ட தமிழ் எழுதுகருவி ஏதேனும் தன் சொந்த விசையை வைத்துக்கொண்டு குறுக்கிடுகின்றதா என்பதையும் நோக்க வேண்டும். இவ்விறுதியில் கூறியதை அறிய, அக்கருவியை மூடிவிட்டு நோட்பேட்டிலே அதே பத்துத் தடவைச் சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம்.